பெயர்ப்பலகையில் எந்த எழுத்து மேலே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்ப்பலகை செய்து கொடுப்பது எங்கள் தொழில். அளவும் விலையும் பேசி முடித்ததும் வாடிக்கையாளர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் எழுத்துகளின் வரிசையைப் பற்றித்தான். கடைப் பலகையில் தொடங்கும் பேச்சு ரயில் நிலையம், நெடுஞ்சாலை, வங்கி என்று போய்விடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுப் பலகைகளைப் பற்றியவை. வெளி மாநிலங்கள் ஒப்பிடுவதற்காக மட்டும் வருகின்றன.

ரயில் நிலையத்தில் தமிழ் மேலே, இந்தி நடுவில், ஆங்கிலம் கீழே. இந்த வரிசையை யார் வைத்தது?

ரயில்வே வைத்தது. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, ஓரத்தில் கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், ரயில்வேயின் பணிகள் கையேட்டில் அதற்கென்று பத்திகள் இருப்பதுதான். வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என்பது அந்தக் கையேடு சொல்லும் வரிசை. கேரளத்தில் மலையாளமும் வங்கத்தில் வங்காளமும் மேல் வரியில் வருவதும் இதே விதியால்தான். ஆகவே தமிழ் மேலே இருப்பது தமிழ்நாட்டுக்கென்று கொடுத்த தனிச் சலுகை அல்ல.

தனிச் சலுகை வேறொன்று உண்டு, அது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் மட்டும் இந்தி வரியை முக்கிய நிலையங்களோடும் யாத்திரைத் தலங்களோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதே கையேடு சொல்கிறது. எது முக்கிய நிலையம் என்று தீர்மானிப்பது ரயில்வேயின் வணிகப் பிரிவு. அளவுகோல் அவர்கள் கையில் இருப்பதால், விரைவு ரயில் நிற்காத சின்ன நிலையங்களிலும் இந்தி வரியைப் பார்க்கலாம்.

அப்படியானால் மேலே இருக்கும் மொழிதான் முக்கியமான மொழி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாதி சரி. மேலிருந்து கீழாகப் படிக்கும் பழக்கம் இருப்பதால் முதல் வரிக்கு மரியாதை உண்டு. ஆனால் உண்மையான சண்டை எப்போதும் இரண்டாம் வரிக்குத்தான் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் தமிழ் முதலில் வரக்கூடாது என்று யாரும் வழக்காடவில்லை. அடுத்த இடம் இந்திக்கா ஆங்கிலத்துக்கா, இந்தி வரி வேண்டுமா வேண்டாமா என்பதுதான் வழக்கு.

வரிசையைவிட அளவு பெரிதாகப் பேசும் பலகைகளும் உண்டு. மேலே ஒரு சாண் உயரத்தில் தமிழ், அதன் கீழே ஆள் உயரத்தில் ஆங்கிலம் என்று கடைவீதியில் எத்தனையோ பலகைகள். வரிசை என்னவோ தமிழுக்குத்தான் முதலிடம் தருகிறது. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். அதனால்தான் கடைகளுக்கான விதி வரிசையோடு நிற்காமல் இடத்தையும் அளக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பஸ் பலகையில் இந்தி இல்லை, தாலுகா அலுவலகத்தில் இல்லை. ரயில் நிலையத்திலும் தபால் நிலையத்திலும் மட்டும் ஏன் இருக்கிறது?

பலகைக்குச் சொந்தக்காரர் வேறு என்பதால். தாலுகா அலுவலகமும் அரசுப் பேருந்தும் மாநில அரசுடையவை. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின்படி மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ். 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியதிலிருந்து மாநில அரசின் புழக்கத்தில் தமிழும் ஆங்கிலமும்தான். ரயிலும் தபாலும் ஒன்றிய அரசுடையவை, அங்கே இந்தியும் ஆங்கிலமும் அலுவல் மொழிகள். இரண்டு அரசுகளின் கொள்கைகள் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கின்றன, அவ்வளவுதான்.

எனவே ஒரு பலகையைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இதை நட்டது யார் என்பது. அந்த ஊரில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதைப் பல பலகைகள் சொல்வதே இல்லை.

கடைப் பலகைக்குச் சட்டம் சரியாக என்ன சொல்கிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948. அதில் 15ஆம் விதி. பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழி சேர்த்தால் அது தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழுக்கு மற்றவற்றைவிட அதிக இடம் தந்து எடுப்பாக எழுத வேண்டும். முதலில் தமிழ், அடுத்து ஆங்கிலம், அதன்பின் பிற மொழி. இடப் பங்கீடு 5:3:2 என்பது தொழிலாளர் துறை வலியுறுத்தும் கணக்கு. உணவகங்கள், தொழிற்சாலைகளுக்கான தனி விதிகளிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பலகையின் உயரம் 4 அடி, அதாவது 48 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மொழியும் வேண்டுமென்றால் தமிழுக்கு 24 அங்குலம், ஆங்கிலத்துக்குச் சுமார் 14½, மூன்றாவது மொழிக்குச் சுமார் 9½. தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதுமென்றால் 5:3 என்று பிரிப்போம்: தமிழுக்கு 30 அங்குலம், ஆங்கிலத்துக்கு 18. பலகையின் முழு அகலத்துக்கும் பட்டைகள் ஓடுவதால் உயரத்தைப் பிரித்தாலே பரப்பும் அதே விகிதத்தில் பிரிந்துவிடும்.

தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். நிறுவனத்தின் சின்னத்துக்குள் ஆங்கிலப் பெயர் இருக்கும். அதைப் படம் என்று சொல்லித் தனியாக இடப்பக்கம் பெரிதாக வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் 5:3 பார்ப்பார்கள். தமிழ்ப் பட்டையின் உயரம் 30 அங்குலம் இருந்தும் எழுத்தை 10 அங்குலத்தில் நடுவில் மிதக்க விடுவார்கள். இன்னொரு வகை, இரவில் தெரியும். ஆங்கில எழுத்துக்குள் மட்டும் எல்இடி விளக்கு, தமிழ் வெறும் ஸ்டிக்கர். ஆய்வுக்கு வருபவர் பகலில் வருகிறார், கடைக்கு வாடிக்கையாளர் மாலையில் வருகிறார். விதியை மீறாமல் விதியின் நோக்கத்தை மீறுவது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்பினால், ஏதாவது ஒரு பெரிய கடைத்தெருவில் விளக்கு வைத்த பிறகு ஒரு நடை நடந்தால் போதும்.

இதைக் கவனிப்பது யார்? மாநகராட்சியா?

இந்த விதியை அமல்படுத்துவது தொழிலாளர் துறை, அதன் ஆய்வாளர்கள். உள்ளாட்சி அமைப்புகளும் அவ்வப்போது சேர்ந்துகொண்டு நோட்டீஸ் கொடுக்கின்றன. தெருவுக்குத் தெரு அமல் மாறுபடுவதற்குக் காரணம், ஆய்வாளரின் வேலைப் பட்டியலில் ஊதியம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் இருக்க, பலகை கடைசியில் வருவதுதான். அபராதமும் பெரிய கடைக்கு ஒரு பொருட்டல்ல. அரசு முனைப்புக் காட்டும் மாதங்களில் எங்களுக்கு வேலை குவியும், பிறகு அடங்கிவிடும்.

என் கடையின் பெயரே ஆங்கிலப் பெயர். அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் போதுமா?

நடைமுறையில் ஏற்கிறார்கள். பெயரை மொழிபெயர்க்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தியதாக நான் பார்த்ததில்லை. ஆனால் பெயருக்கு அடுத்து வரும் தொழிலையாவது தமிழில் போடுங்கள் என்று நான் சொல்வேன். மருந்துக் கடை, காலணியகம், துணிக்கடை என்று இருந்தால் ஆங்கிலம் தெரியாதவருக்கு உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியும். இது விதி அல்ல, என் யோசனை.

மற்ற மாநிலங்களிலும் கடைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை உண்டா, நமக்கு மட்டும்தானா?

உண்டு, ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவுகோலைப் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம். கர்நாடகம் சதவீதத்தைப் பிடித்தது. 2023 டிசம்பரில் பெங்களூரில் கன்னட அமைப்பினர் பிறமொழிப் பலகைகளை உடைத்த போராட்டத்துக்குப் பிறகு, 2024இல் வந்த சட்டத் திருத்தம் பலகையில் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பாதியில், என்று திட்டவட்டமாகச் சொன்னது. மகாராஷ்டிரம் எழுத்தின் அளவைப் பிடித்தது. 2022இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி மராத்தி எழுத்து வேறெந்த மொழியின் எழுத்தைவிடவும் சிறியதாக இருக்கக் கூடாது. வணிகர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 செப்டம்பரில் நீதிமன்றம் இரண்டு மாத அவகாசம் கொடுத்து, பலகையை மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டது.

மகாராஷ்டிர விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றே, தேவநாகரி. அங்கே எழுத்தை மட்டும் பார்த்து எந்த மொழி என்று சொல்ல முடியாது, சொற்களைப் படித்தாக வேண்டும். இங்கே எழுத்தின் வடிவமே மொழியைச் சொல்லிவிடுகிறது. எட்ட நின்று பார்த்தாலே எந்த மொழி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுவதும் தமிழ்நாட்டில் பலகை இவ்வளவு எளிதாகச் சண்டைக்கு உரியதாகிவிடுவதற்கு ஒரு காரணம்.

இந்தி பேசும் மாநிலத்தில் ரயில் நிலையப் பலகையில் மூன்றாவது மொழி எது?

பெரும்பாலும் மூன்றாவது மொழியே கிடையாது. முதல் பதிலில் சொன்ன கையேட்டின்படி, வட்டார மொழியே இந்தியாக இருந்தால் பலகை இந்தி, ஆங்கிலம் என இரண்டு வரிதான். உத்தரப் பிரதேசத்தில் உருது இரண்டாம் ஆட்சிமொழி என்பதால் அங்குள்ள நிலையங்களில் உருது வரியும் இருக்கிறது. உத்தராகண்டில் சமஸ்கிருதம் இரண்டாம் ஆட்சிமொழியானதை வைத்து, உருது வரிக்குப் பதிலாகச் சமஸ்கிருதம் எழுதப்போவதாக 2020இல் செய்தி வந்து சர்ச்சையானது. சமஸ்கிருதத்துக்கும் தேவநாகரிதான் என்பதால், அங்கே வரி மாறினால் புதிதாக ஓர் எழுத்து வராது, இருந்த ஓர் எழுத்து போய்விடும்.

மும்மொழிப் பலகை என்பது இந்தி பேசாத மாநிலங்களின் பலகை என்று இதிலிருந்து தெரிகிறது. மதுரையில் இறங்கும் வடநாட்டுப் பயணிக்குத் தன் எழுத்தில் ஊர்ப் பெயர் கிடைக்கிறது. கான்பூரில் இறங்கும் மதுரைக்காரருக்குக் கிடைப்பதில்லை. இதைச் சுட்டிக்காட்டினால், இந்தி அலுவல் மொழி, தமிழ் ஒன்றிய அரசின் அலுவல் மொழி அல்ல என்று பதில் வரும். பதில் சட்டப்படி சரி. புகார் அந்தச் சட்டத்தைப் பற்றியது என்பதால், அந்தப் பதில் புகாரைத் தீர்ப்பதில்லை.

வங்கியிலும் வருமான வரி அலுவலகத்திலும் இந்திப் பலகை கட்டாயம் என்று சட்டம் இருக்கிறதாமே?

1976ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகளைத்தான் சொல்கிறார்கள். அதன் 11ஆம் விதி, ஒன்றிய அரசு அலுவலகங்களின் பெயர்த் தகடுகள், அறிவிப்புப் பலகைகள் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றிய அரசுக்குச் சொந்தமான வங்கிகளும் நிறுவனங்களும் இதில் அடக்கம். ஆனால் அதே விதிகளின் முதல் விதியைப் படித்தால், இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. பெயர் சொல்லி விலக்கப்பட்ட மாநிலம் இது ஒன்றுதான். 1965 போராட்டம் நடந்து அப்போது பதினொரு ஆண்டுகளே ஆகியிருந்தன.

விலக்கு இருந்தும் இங்கே இந்தி வரி இருப்பதற்குக் காரணம், துறைகள் நாடு முழுமைக்கும் அனுப்பும் நிர்வாக அறிவுறுத்தல்கள். இந்தி பேசாத பகுதிகளில் வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என்ற வரிசையில், மூன்றையும் ஒரே அளவில் எழுதச் சொல்பவை அவை. தலைமையகத்தில் ஒரே அச்சில் செய்து அனுப்பும் பலகைகளில் தமிழ் வரியே இல்லாமல் போவதும் நடக்கிறது. அப்படி ஒன்றைக் கண்டால், இந்தி ஏன் இருக்கிறது என்று கேட்பதைவிடத் தமிழ் ஏன் இல்லை என்று கேட்டு எழுதுவதே பலன் தரும். அவர்களுடைய அறிவுறுத்தலே அதற்குத் துணை நிற்கும்.

நெடுஞ்சாலை மைல்கல்லில் இந்தி வந்து பெரிய ரகளை ஆனதே, அது என்ன?

2017 மார்ச். வேலூர், கிருஷ்ணகிரி பக்கம் தேசிய நெடுஞ்சாலைகள் 75, 77 ஆகியவற்றின் மைல்கற்களில் ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப் பெயர்களை அழித்துவிட்டு இந்தியில் எழுதினார்கள். கட்சிகள் கொதித்தன. இங்கே தமிழின் இடத்தை யாரும் தொடவில்லை, மாறியது ஆங்கிலத்தின் இடம் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் வரிதான் சண்டைக்களம் என்று முன்பு சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

மைல்கல்லின் நிறமும் சொந்தக்காரரைக் காட்டிக்கொடுக்கும். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலைத் துறையின் கல்லில் இப்படி ஒரு மாற்றம் வர வாய்ப்பே இல்லை.

இந்தி எழுத்தில் தார் பூசுவது எப்போது தொடங்கியது? அதனால் ஏதாவது மாறியதா?

1952இல் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தைத் திராவிட இயக்கத்தார் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 15 அன்று கல்லக்குடி. அந்த நிலையத்துக்கு சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் என்று பெயர் வைத்திருந்ததை எதிர்த்து, பலகையில் கல்லக்குடி என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டு மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தார்கள். இது மொழிப் போராட்டத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆனால் அங்கே பிரச்சினை எழுத்து வரிசை அல்ல, பெயர். இப்போது அந்த நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம்.

பெயர்ப் போராட்டம் வென்றது, தார்ப் போராட்டம் வெல்லவில்லை என்பதுதான் வரலாறு. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி, பாளையங்கோட்டை நிலையங்களில் மறுபடியும் இந்தி வரியில் கறுப்பு பூசினார்கள். ரயில்வே போலீஸ் வழக்குப் போட்டது, வரியை மறுபடி எழுதிவிட்டார்கள். தார் ஒரு நாள் செய்தி. முதல் பதிலில் சொன்ன விலக்கை எடுத்து வைத்து, இந்த நிலையம் எந்தக் கணக்கில் முக்கிய நிலையம் என்று கேட்டிருந்தால் ரயில்வே எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை யார் முடிவு செய்கிறார்கள்?

மாநில அரசு. பலகை ரயில்வேயுடையது என்றாலும், மூன்று மொழியிலும் ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்பதற்கு மாநில அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கிடைத்த புது எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆணை நிலைத்திருந்தால் ரயில், சாலை, தபால் என்று எல்லாருடைய கீழ் வரியும் மாறியிருக்கும்.

எழுத்துக்கு மூன்று வரி, எண்ணுக்கு மட்டும் ஒரே வரி. வண்டி நம்பரைத் தமிழில் எழுதலாமா?

அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, அலுவல் மொழியாக இந்தியைச் சொல்லும் அதே இடத்தில், எண்கள் மட்டும் சர்வதேச வடிவத்தில் இருக்கட்டும் என்கிறது. எனவே கிலோமீட்டருக்கும் நடைமேடை எண்ணுக்கும் சண்டை வருவதில்லை.

வண்டி நம்பர் வேறு கதை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50ஆம் விதி ஆங்கில எழுத்து, அரபு எண் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. தமிழில் எழுதித் தரச் சொல்லி எங்களிடமும் வருகிறார்கள். போலீஸ் நிறுத்தினால் அபராதம் உங்களுக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

மூன்றும் ஒரே அளவு என்கிறார்கள். பார்த்தால் தமிழ் மட்டும் நெருக்கியடித்துத் தெரிகிறதே?

தமிழ்ச் சொல் நீளம். எழும்பூர் என்பதை அதே உயரத்தில் ஆங்கிலத்தில் எழுதுவதைவிட அதிக அகலம் வேண்டும். அதோடு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்கும். தமிழில் புள்ளியும் இகரக் கொக்கியும் மேலே ஏறும், ழகரமும் உகரக் கால்களும் கீழே இறங்கும். பட்டையின் உயரத்துக்குள் இவற்றையும் அடக்கினால் எழுத்தின் உடல் சிறுத்துவிடும். பட்டைகளின் உயரத்தை அளந்து சமம் என்று சொல்வார்கள். நீங்கள் ககரத்தின் உயரத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். நாங்கள் ககரத்தை ஆங்கில எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மேலும் கீழும் ஏறி இறங்குவதற்குத் தனியாக இடம் விடுவோம்.

எல்இடி பலகையில் மூன்று மொழியும் மாறி மாறி வருகிறது. அங்கே வரிசைக்கு என்ன அர்த்தம்?

அங்கே மேல், கீழ் கிடையாது, நேரம்தான் இடம். எது முதலில் வருகிறது என்பதைவிட எது எத்தனை வினாடி நிற்கிறது என்று பாருங்கள். ரயில் பெட்டி நிற்கும் இடத்தைக் காட்டும் பலகையின் அடியில் பையோடு நிற்பவருக்கு, தன் மொழி வரும்வரை காத்திருக்கும் ஒவ்வொரு வினாடியும் கணக்கு.

இன்னொன்றையும் பார்க்கலாம். பல பலகைகளில் தமிழ் சிதைந்து ஓடும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக ஒரு வட்டத்தின்மேல் தொங்கும். மென்பொருள் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாமல் வரிசையாகக் கொட்டுகிறது என்று அர்த்தம். தேவநாகரியும் ஆங்கிலமும் சரியாக ஓடித் தமிழ் மட்டும் சிதைந்திருந்தால், அந்தப் பலகையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் தமிழில் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. பலகையில் தமிழ் முதலில் வந்தாலும் சரி, கடைசியில் வந்தாலும் சரி, அந்த அலுவலகத்தில் அதற்கு என்ன இடம் என்பதற்கு இதுவே பதில்.

ஓசூர்ப் பக்கம் கடைகளில் தெலுங்கும் கன்னடமும் இருக்கிறதே, அது விதிமீறலா?

இல்லை. கடை விதியில் பிற மொழிக்கு மூன்றாம் இடம் இருக்கிறது, 5:3:2 என்பதில் அந்த இரண்டு பங்கு அதற்குத்தான். தெலுங்கைத் தமிழுக்கு மேலே போட்டால்தான் மீறல். அரசு அறிவிப்புகளுக்கு வேறு ஏற்பாடு. ஒரு பகுதியில் மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 சதவீதம் இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினருக்கான 1956ஆம் ஆண்டின் ஏற்பாடு. அது அறிவிப்புகளுக்கானது, பெயர்ப்பலகைக்கு அல்ல. அதனால் ஓசூரில் தெலுங்கு எழுத்து கண்ணில் படுவது கடைக்காரர்களின் பலகைகளில்தான். அங்கே கடைக்கு வருபவர் எந்த மொழி படிப்பார் என்று கடைக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும், அவர் அதற்குக் காசு கொடுத்து எழுதச் சொல்கிறார்.